படியெடுத்தலை நகலெடுத்தல் ஆக்காதீர்கள்

டி.என்.ஏ. இழையைப் பார்த்து ஆர்.என்.ஏ. உருவாவதற்குப் படியெடுத்தல் என்று பெயர். ஆனால் பிளஸ் டூ உயிரியல் வினாவிடைக் குறிப்புகளில் 'டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. நகலெடுக்கப்படுகிறது' என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வரியை மனப்பாடம் செய்த மாணவர் தேர்வில் கார வரிசையையும் நகலாகவே எழுதிவிட்டு மதிப்பெண் இழக்கிறார்.

நகல் அரபு மூலச் சொல். அதற்காக நான் அதை எதிர்க்கவில்லை. அது தமிழில் ஊறிப்போன சொல்தான். ஆனால் தமிழில் அதற்கு ஒரே பொருள்: மூலத்தில் உள்ளது உள்ளபடியே இன்னொன்று. சான்றிதழின் நகலில் ஓர் எழுத்து மாறினாலும் அது செல்லாது. டி.என்.ஏ. இழையிலிருந்து உருவாகும் ஆர்.என்.ஏ. அப்படிப்பட்டதா என்று ஒரு சிறு வரிசையில் பார்ப்போம்.

```
குறியீட்டு இழை  5'-ATG GCT AAA CAG TAA-3'
அச்சு இழை       3'-TAC CGA TTT GTC ATT-5'
எம்.ஆர்.என்.ஏ.  5'-AUG GCU AAA CAG UAA-3'
```

ஆர்.என்.ஏ. பாலிமெரேஸ் படிப்பது அச்சு இழையை மட்டும்தான். அதை 3' முனையிலிருந்து 5' முனை நோக்கிப் படித்து, ஒவ்வொரு காரத்துக்கும் எதிரே அதன் இணையை வைக்கிறது. குவானினுக்கு எதிரே சைட்டோசின் வரும், தைமினுக்கு எதிரே அடினைன் வரும், அடினைனுக்கு எதிரே யுராசில் வரும். ஆகவே எம்.ஆர்.என்.ஏ. அச்சு இழையைப் போல இருக்காது. தொடப்படாமல் ஒதுங்கி நிற்கும் குறியீட்டு இழையைப் போல, தைமினுக்குப் பதில் யுராசிலோடு இருக்கும்.

இதற்குப் படியெடுத்தல் என்ற சொல் எவ்வளவு பொருத்தம் என்பது கல்வெட்டு ஆய்வாளர்களுக்குத் தெரியும். நனைத்த தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். சமதளம் கறுப்பாகும், வெட்டிய எழுத்து வெள்ளையாக நிற்கும். கல்லில் பள்ளமாக இருந்தது தாளின் அடிப்பக்கத்தில் மேடாகும். அந்த மைப்படி கல்லின் மேல் படிந்தே உருவானது, ஆனாலும் கல்லைப் போன்றதன்று. கல் இருந்த இடத்திலேயே இருக்கும், படி மட்டும் வெளியே போகும். உட்கருவில் நடப்பதும் அதுதான்: டி.என்.ஏ. அங்கேயே தங்க, எம்.ஆர்.என்.ஏ. ரைபோசோமுக்குப் போகிறது.

நகல் என்று நினைத்த மாணவர் என்ன செய்கிறார்? அச்சு இழையைப் பார்த்து, தைமினை மட்டும் யுராசிலாக மாற்றி UAC CGA UUU GUC AUU என்று எழுதுகிறார். தொடக்கக் குறியன் AUG முதலில் இல்லை, கடைசியில் நிறுத்தக் குறியனும் இல்லை. முழு மரபணு வரிசை என்று வினா சொல்லியிருந்தால், இந்த இரண்டையும் பார்த்தே விடை தவறென்று கண்டுகொள்ளலாம்.

திசை தெரியாமல் போவது இன்னொரு பிழை. வினாவில் அச்சு இழை 5'-TTACTGTTTAGCCAT-3' என்று கொடுக்கப்படலாம். இது மேலே உள்ள அதே இழைதான், மறுமுனையிலிருந்து எழுதியிருக்கிறார்கள். திருப்பாமல் இணை வைத்தால் AAU GAC AAA UCG GUA வரும். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. முதலில் 3' முனை இடப்பக்கம் வரும்படி திருப்பி எழுதிவிட்டு, பிறகு இணை வையுங்கள்.

சரியான வரிசை கிடைத்துவிட்டால் அடுத்த படி மொழிபெயர்த்தல். இந்தச் சொல்லில் எனக்குக் குறையில்லை, ஏனென்றால் இங்கே எழுத்துகளின் மொழியே அமினோ அமிலங்களின் மொழியாக மாறுகிறது. AUG மெத்தியோனின், GCU அலனைன், AAA லைசின், CAG குளூட்டமின். UAA எந்த அமினோ அமிலத்தையும் குறிக்காது. அங்கே சங்கிலி நின்றுவிடும். எனவே 15 காரங்களுக்கு 4 அமினோ அமிலங்கள்தான், 5 அல்ல.

நகலெடுத்தலை எல்லாவற்றுக்கும் போடுவதால் இன்னொரு கேடும் உண்டு. சிலர் டி.என்.ஏ. இரட்டிப்பாதலையும் அப்படியே சொல்கிறார்கள். குளோனிங்குக்கு நகலாக்கம் என்ற பெயர் ஏற்கெனவே பரவியிருக்கிறது. மூன்று வெவ்வேறு நிகழ்வுகளுக்கு ஒரே சொல் என்றால், மொழிபெயர்ப்பவர் அகராதியில் முதலில் கண்டதைப் போட்டுவிட்டார் என்றுதான் பொருள். இரட்டிப்பாதலில் இரண்டு இழைகளுமே அச்சாகின்றன. ஒவ்வொரு மகள் மூலக்கூறிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது. மெசல்சனும் ஸ்டாலும் 1958இல் நிறுவியது இதையே. நம் எடுத்துக்காட்டில் 10 அடினைன்–தைமின் இணைகளுக்கு இரண்டிரண்டாக 20, 5 குவானின்–சைட்டோசின் இணைகளுக்கு மும்மூன்றாக 15, மொத்தம் 35 ஹைட்ரஜன் பிணைப்புகள். இரட்டிப்பான பின் இரு மூலக்கூறுகளிலும் தனித்தனியே இதே 35 இருக்கும். அங்கே யுராசிலுக்கு இடமில்லை.

ரெட்ரோவைரஸ்களில் ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. உருவாவதை டெமினும் பால்டிமோரும் 1970இல் கண்டறிந்தார்கள். அதைத் தலைகீழ்ப் படியெடுத்தல் என்றால் எந்தத் திசை திரும்பியது என்பது உடனே விளங்குகிறது. தலைகீழ் நகலெடுத்தல் என்றால் எழுத்துகளைப் பின்னாலிருந்து எழுதுவதாக மாணவர் எடுத்துக்கொள்வார். அங்கே நடப்பது அதுவன்று.