வோமா: வேகாவின் குவிவு

ஆப்ஷன் வாங்கி விற்பவர்களுக்கு டெல்டா, காமா, தீட்டா, வேகா நான்கும் பழக்கம். வோமா அந்த வரிசையில் அடுத்த படி. சந்தையின் ஏற்ற இறக்கம் ஒரு புள்ளி கூடினால் ஆப்ஷனின் விலை எவ்வளவு மாறும் என்று சொல்வது வேகா. அதே ஒரு புள்ளிக்கு அந்த வேகாவே எவ்வளவு மாறும் என்று சொல்வது வோமா. இங்கே ஏற்ற இறக்கம் என்று சொல்வது ஆப்ஷன் விலைக்குள் பொதிந்திருக்கும் எதிர்பார்ப்பை, அதாவது வியாபாரிகள் வாயில் ‘ஐவி’ என்று வழங்குவதை.

வேகா கிரேக்க எழுத்தே இல்லை. டெல்டா, காமா போல ஒலிக்கிறதே என்று ஒட்டிக்கொண்ட பெயர் அது. சூத்திரங்களில் அதற்குப் பெரும்பாலும் ν என்ற ‘நியூ’ எழுத்தைத்தான் போடுகிறார்கள். நம் ‘வேகம்’ என்ற சொல்லுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வோமா என்பது ‘வோலட்டிலிட்டி’யின் தலையையும் ‘காமா’வின் வாலையும் சேர்த்துத் தைத்த சொல். இதையே ‘வோல்கா’ என்றும் சொல்வார்கள். வோலட்டிலிட்டி காமா என்பதன் சுருக்கம் அது, ரஷ்ய நதி அல்ல. அந்நியச் செலாவணி ஆப்ஷன் மேசைகளில் வோல்காதான் அதிகம் புழங்குகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? பங்கு விலை நகரும்போது டெல்டா எப்படி மாறுகிறது என்பது காமா. ஏற்ற இறக்கம் நகரும்போது வேகா எப்படி மாறுகிறது என்பது வோமா. இரண்டுமே ஒரு கோடு எவ்வளவு வளைகிறது என்ற அளவுதான். கணிதத்தில் அப்படி மேல்நோக்கி வளைவதைக் குவிவு என்கிறோம். அதனால் ‘வேகாக் குவிவு’ பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. பேசும்போது வோமா என்றே சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் கோபிக்கப் போவதில்லை.

சரி, எண்களுக்கு வருவோம். ஒரு குறியீட்டெண் 20,000-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதக் கெடு. கணக்கு எளிதாக இருக்க வட்டியை விட்டுவிடுகிறேன். இரண்டு புட்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 20,000 ஸ்ட்ரைக், நடுவில் இருப்பது, ஐவி 16. இன்னொன்று 16,000 ஸ்ட்ரைக், சந்தைக்கு 20 சதவீதம் கீழே, ஐவி 24. இப்படி வெகுதூரம் தள்ளி இருப்பவற்றைத்தான் ‘விங்’, அதாவது சிறகு என்கிறார்கள். தூரத்துப் புட்டுக்கு ஐவி கூடுதலாக இருப்பது குறியீட்டெண் ஆப்ஷன்களில் வழக்கமான காட்சி.

பிளாக்-ஷோல்ஸ் முறையில் போட்டால் சிறகின் விலை சுமார் 26 ரூபாய், வேகா 6.3. ஐவி 24-இலிருந்து 36-க்கு ஏறுகிறது, வேறெதுவும் மாறவில்லை என்போம். வேகாவை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டால் 12 × 6.3, கிட்டத்தட்ட 76 ரூபாய் கூடி 102-இல் நிற்க வேண்டும். உண்மையில் வருவது 166. எங்கிருந்து வந்தது மீதி 64? ஐவி ஏற ஏற வேகாவும் ஏறிக்கொண்டே போனதுதான் காரணம். 36-ஐத் தொடும்போது வேகா 16.5 ஆகிவிட்டது.

நடுவில் இருக்கும் 20,000 புட்டில் இதைத் தேடினால் கிடைக்காது. அதன் வேகா 39.9. அதன் ஐவி 16-இலிருந்து 28-க்குப் போனாலும் வேகா 39.8-தான். பெரிய வேகா, ஆனால் வோமா ஏறக்குறைய சுழியம். காரணம் சூத்திரத்தில் இருக்கிறது:

```
vomma = vega × d1 × d2 / σ
```

σ என்பது ஐவி. `d1`, `d2` இரண்டும் ஸ்ட்ரைக் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் காட்டுபவை. நடுவில் இரண்டும் சுழியத்தை ஒட்டி இருக்கும். நம் சிறகில் அவை 1.92, 1.80. பெருக்கி, 24-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு வோமா 0.91. பாதி × 0.91 × 12 × 12 போட்டுப் பாருங்கள், 65 சொச்சம் வரும். மேலே விட்டுப்போன 64 அதுதான்.

இந்த 12 புள்ளி ஏற்றம் மிகையில்லை. அமெரிக்காவின் ஐவி குறியீட்டெண்ணான விக்ஸ் 2018 பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை 17.31-இல் முடிந்தது, அடுத்த வர்த்தக நாளான திங்கட்கிழமை 37.32-இல் முடிந்தது. அப்படிப்பட்ட நாளில் சிறகை விற்று வைத்திருப்பவர் காலையில் திரையில் பார்த்த வேகா மாலையில் செல்லாது. குட்டி வேகாதானே என்று அசட்டையாக இருந்தவருக்கு, நஷ்டம் பெருகப் பெருக வேகாவும் பெருகும்.

இனி சிறகை வாங்கியவரின் பக்கம். நடுப் புட் ஒன்றை விற்று, 6.3 சிறகுப் புட்களை வாங்குகிறார் என்போம். இரு பக்க வேகாவும் சமம், நிகரம் சுழியம். டெல்டாவைத் தனியாகச் சரிக்கட்டிவிட்டார். இரண்டு ஐவியும் 12 புள்ளி ஏறினால் சிறகில் சுமார் 880 லாபம், நடுவில் 478 நஷ்டம்; கையில் 400 ரூபாய் சொச்சம். மாறாக இரண்டும் 6 புள்ளி இறங்கினால்? சிறகு 26-இலிருந்து மூன்றரை ரூபாய்க்குச் சரிகிறது, அதில் 144 போச்சு. விற்றதில் 239 வருகிறது. அப்போதும் 95 லாபம். ஏறினாலும் லாபம், இறங்கினாலும் லாபம்! இறங்கும்போது சிறகின் வேகா சுருங்கிவிடுவதால் அடி குறைவாகப் படுகிறது.

இப்படி ஒன்றை யாரும் சும்மா தர மாட்டார்கள். வாடகை தீட்டாவில் இருக்கிறது. ஒரே கெடு, ஒரே அளவு வேகா என்றால், தினமும் கரையும் தொகை ஐவியின் விகிதத்திலேயே இருக்கும். சிறகு 24, நடு 16. ஆகவே சிறகுகள் ஒன்றரை மடங்கு வேகமாகக் கரைகின்றன. நம் கணக்கில் நாளுக்கு வாங்கியதில் 5.2 போகிறது, விற்றதில் 3.5 வருகிறது. ஐவி அசையாமல் கிடந்தால் தினமும் 1.7 ரூபாய் நஷ்டம். இரண்டு ஐவியும் 16 என்று இருந்திருந்தால் அந்த வாடகையே இருக்காது, எல்லோரும் சிறகை வாங்கக் குவிந்திருப்பார்கள். தூரத்து ஸ்ட்ரைக்குகளின் ஐவி உயர்ந்து நிற்பதற்கு வீழ்ச்சி பயம் ஒரு காரணம் என்றால், இந்தக் குவிவுக்கான கிராக்கி இன்னொன்று.

வாங்குபவர்கள் தவறவிடும் இடம் கெடு. சந்தை நகராமல் இரண்டு மாதம் ஓடி ஒரு மாதம் மிஞ்சும்போது, ஐவி அதே 24 என்றாலும், அந்தச் சிறகின் வேகா 6.3-இலிருந்து 0.12 ஆகிவிடும், வோமா 0.91-இலிருந்து 0.05. `d1`, `d2` இன்னும் பெரிதாகின்றன, ஆனால் பெருக்குவதற்கு வேகா இல்லை. ஆகவே ஸ்ட்ரைக் எவ்வளவு தூரமோ அவ்வளவு வோமா என்பது தவறான கணக்கு. கெடுவுக்கு ஏற்ற தூரம் வேண்டும். வோமாவுக்காக வாங்குபவர்கள் கெடு குறுகும் முன்பே அடுத்த மாதங்களுக்கு மாற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

மேலே போட்ட கணக்கில் ஒரு சலுகை எடுத்துக்கொண்டேன்: நடுவும் சிறகும் ஒரே அளவு புள்ளி நகர்வதாக வைத்தேன். சந்தையில் அப்படி நடக்க வேண்டும் என்பதில்லை. நடு 12 ஏறும்போது சிறகு 7 மட்டும் ஏறினால் அந்த 400 ரூபாய் லாபம் காணாமல் போய்விடும்.

தரகர் திரைகளில் பல வேகாவோடு நின்றுவிடும், வோமா இருக்காது. ஆப்ஷன் கால்குலேட்டர் ஒன்று போதும். ஐவி 24 என்று கொடுத்து வேகாவைக் குறித்துக்கொள்ளுங்கள், 6.32 வரும். அப்புறம் 25 என்று மாற்றுங்கள், 7.24 வரும். வித்தியாசம் 0.92, அதுவே வோமா.