ரியல் ஆப்ஷன்: 'உண்மையான விருப்பம்' அல்ல, தெரிவுரிமை

தொழில் மேலாண்மைப் பாடம் ஒன்றின் தமிழாக்கத்தில் 'உண்மையான விருப்பங்கள்' என்ற தொடரைப் பார்த்தேன். முன்பின் படித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. ஆங்கிலத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்த பிறகுதான் விளங்கியது, அது 'ரியல் ஆப்ஷன்'. இரண்டு சொல்லையும் அகராதியில் தனித்தனியாகத் தேடி ஒட்டியிருக்கிறார்கள். இரண்டுமே இந்த இடத்துக்குப் பொருந்தாத பொருள்கள்.

முதலில் 'ரியல்'. இதன் வேர் லத்தீனில் பொருள், உடைமை என்று அர்த்தம் தரும் 'ரெஸ்'. இங்கே 'ரியல்' என்றால் பொய்யல்லாதது என்றோ, விலைவாசி உயர்வைக் கழித்த 'உண்மை வருமானம்' என்கிறோமே அந்த உண்மை என்றோ கொள்ளக் கூடாது. நிலம், கட்டடம், இயந்திரம் மாதிரி கண்ணால் காணும் சொத்தை, பங்கு, கடன் பத்திரம் மாதிரி தாளில் இருக்கும் சொத்திலிருந்து பிரித்துச் சொல்வதற்கான அடைமொழி அது.

அடுத்தது 'ஆப்ஷன்'. தேர்ந்துகொள்ளுதல் என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. பங்குச் சந்தையில் அதன் பொருள் இன்னும் இறுக்கமானது: ஒரு பொருளை, குறித்த விலைக்கு, குறித்த தேதிக்குள் வாங்கவோ விற்கவோ ஒருவர் காசு கொடுத்துப் பெறும் உரிமை. அவர் அதைப் பயன்படுத்தலாம், விட்டும் விடலாம். கட்டாயம் எதுவும் கிடையாது.

நமக்கு இது புதிது அல்ல. நிலம் வாங்கும்போது அச்சாரம் கொடுக்கிறோம். பிறகு மனம் மாறினால் அச்சாரத்தோடு போகிறது, முழு விலையும் போவதில்லை. (இன்றைய கிரய ஒப்பந்தத்தில் இரு தரப்பும் நீதிமன்றம் போகலாம் என்பதால் ஒப்பீடு முழுமையானதில்லை. வழக்கத்தில் உள்ள எண்ணம் அதுதான்.) கிரேக்க ஞானி தேலஸ் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியிருப்பதும் அச்சாரக் கதையே. ஒலிவ விளைச்சல் நன்றாக இருக்கும் என்று கணித்து, மிலேட்டஸ், கியோஸ் ஊர்களில் இருந்த எண்ணெய்ச் செக்குகளுக்கெல்லாம் முன்கூட்டியே சிறு தொகை கொடுத்து வைத்தார். விளைச்சல் வந்ததும் தான் சொன்ன வாடகைக்கு விட்டார்.

இந்தச் சந்தைச் சொல்லைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்க நிதிப் பொருளியலாளர் ஸ்டீவர்ட் மையர்ஸ். 1973இல் பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் ஆகியோரின் ஆய்வுகள் பங்கு ஆப்ஷனுக்கு விலை கணக்கிடும் வழியைக் காட்டின. 1977இல் மையர்ஸ், ஒரு நிறுவனத்தின் மதிப்பில் ஒரு பகுதி இன்று ஓடும் இயந்திரங்களிலிருந்து வருகிறது, மற்றொரு பகுதி நாளை முதலீடு செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையிலிருந்து வருகிறது என்றார். அந்த உரிமைக்கு அவர் வைத்த பெயர்தான் ரியல் ஆப்ஷன்.

சொல்லை ஒரு கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் தமிழில் எது சரி என்று தெரியும். கற்பனைக் கணக்கு ஒன்று. ஒசூர் பக்கம் ஒருவர் மின்சார ஸ்கூட்டர் மோட்டாருக்கான அலுமினிய உறை வார்க்கும் தொழிற்சாலை தொடங்க நினைக்கிறார். எல்லாவற்றையும் இப்போதே கட்டினால் செலவு 107 கோடி ரூபாய். ஓராண்டில் சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். நல்லபடி போனால் தொழிற்சாலையின் மதிப்பு 155 கோடி, இல்லாவிட்டால் 62 கோடி. இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால் சராசரி 108.5 கோடி. அது அடுத்த ஆண்டுப் பணம். இத்தொழிலின் ஆபத்துக்கேற்ற 12 சதவீதத்தில் கழித்து, அதாவது 1.12ஆல் வகுத்து, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 96.9 கோடி. செலவோ 107. பத்துக் கோடி நட்டம். வழக்கமான கணக்கு இங்கேயே முடிந்து, வேண்டாம் என்று சொல்லிவிடும்.

அதையே இரண்டு கட்டமாகப் பிரிப்போம். முதல் கட்டத்தில் நிலம், கொட்டகை, ஒரு வார்ப்பு வரிசை: 36 கோடி. ஓராண்டில் அதன் மதிப்பு 45 அல்லது 22 கோடி. அடுத்த ஆண்டு இரண்டாம் கட்டம்: செலவு 75 கோடி, கிடைக்கும் மதிப்பு 110 அல்லது 40 கோடி. மொத்தச் செலவு இப்போது 111 கோடி, அதாவது ஒரே மூச்சில் கட்டுவதைவிட 4 கோடி அதிகம். பொறியாளர்கள் முதலில் சுட்டிக்காட்டுவது இந்த 4 கோடியைத்தான். அவர்கள் சொல்வது சரி. ஆனால் அந்தப் பணத்துக்கு என்ன வாங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் கட்டத்தை மட்டும் பார்த்தால் சராசரி 33.5 கோடி, இன்றைய மதிப்பில் 29.9 கோடி. 36 கோடி போட்டால் 6.1 கோடி நட்டம். இரண்டாம் கட்டத்தைக் கட்டியே தீருவது என்றால் சராசரி 75, செலவு 75, மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் கட்டியே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே? சந்தை நன்றாக இருந்தால் மட்டும் கட்டுவார், 35 கோடி கிடைக்கும். மோசமானால் கட்ட மாட்டார், இழப்பு பூஜ்யம். 40 கோடி மதிப்புள்ளதற்கு 75 கோடி போடும் நிலையே வராது. மோசமான பக்கத்தை வெட்டிவிட்டு நல்ல பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடிவதுதான் ஆப்ஷன்.

இன்று அந்த உரிமையின் மதிப்பு என்ன? 35இல் பாதி 17.5, அதை 12 சதவீதத்தில் கழித்தால் 15.6 என்று போட்டுவிடலாம் போலத் தோன்றும். அது கொஞ்சம் தவறு. உரிமையின் பலன் நல்ல காலத்தில் மட்டுமே வருகிறது, ஆகவே அது தொழிற்சாலையைவிட ஆபத்தானது. அதற்கு 12 சதவீதம் போதாது, எத்தனை போதும் என்றும் தெரியாது. அதனால் கழிவு விகிதத்தைத் தேடுவதை விட்டுவிட்டு வாய்ப்பைத் திருத்துகிறார்கள். இரண்டாம் கட்டச் சொத்தின் சராசரி 75ஐ 12 சதவீதத்தில் கழித்தால் அதன் இன்றைய மதிப்பு 67 கோடி. அரசுப் பத்திரம் போல ஆபத்தில்லாத 7 சதவீதத்தில் வளர்ந்தால் 71.7 ஆகும். 110, 40 ஆகியவற்றின் சராசரி 71.7 ஆக வேண்டுமானால் நல்ல பக்கத்துக்கு 50 அல்ல, ஏறக்குறைய 45 சதவீதம்தான் எடை கொடுக்கலாம். 35இல் 45 சதவீதத்தை 7 சதவீதத்தில் கழித்தால் 14.7 கோடி.

ஆக, 6.1 கோடி நட்டத்தை அச்சாரமாகக் கொடுத்து, 14.7 கோடி மதிப்புள்ள உரிமையை வாங்குகிறார். நிகரம் 8.6 கோடி. ஒரே மூச்சில் கட்டினால் பத்துக் கோடி நட்டம் தந்த திட்டம் இது.

சந்தை இன்னும் நிச்சயமில்லாமல், மதிப்பு 130 அல்லது 20 என்று விரிந்தால்? சராசரி அதே 75. உரிமையின் மதிப்போ 24 கோடிக்கு ஏறிவிடுகிறது. நிச்சயமின்மை கூடினால் உரிமைக்கு விலை கூடும். முதலில் கேட்பவர்கள் நம்ப மறுக்கும் இடம் இதுதான். கீழ்ப் பக்கம் எவ்வளவு ஆழமானாலும் நமக்கு இழப்பு பூஜ்யத்தில் நின்றுவிடுவதுதான் காரணம்.

சரி, முதல் கட்டமும் எதற்கு? ஓராண்டு சும்மா இருந்து பார்த்துவிட்டு மொத்தமாகக் கட்டினால் என்ன? இதுவும் ஒரு ஆப்ஷன்தான். சந்தை நன்றாக இருந்தால் 155க்கு எதிராக 107 போட்டு 48 கோடி பார்க்கலாம். அதே 45 சதவீத எடையில் இன்றைய மதிப்பு 20.2 கோடி. காத்திருப்பு 8.6ஐ எளிதாக வென்றுவிடுகிறது! ஆனால் காத்திருக்கும் ஆண்டில் வருமானம் இல்லை, வேறொருவர் அந்த ஆர்டரைப் பிடித்துவிடலாம். அப்படிப் போவது நல்ல காலத்தில் கிடைக்கும் 48 கோடியில் சுமார் 27.5 கோடிக்குக் குறைவாக இருந்தால் காத்திருப்பது மேல். அதைவிட அதிகமென்றால் முதல் கட்டத்தைத் தொடங்குவது மேல்.

இதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: காத்திருந்தால் தகவல் தானாக வருமா? ஸ்கூட்டர் விற்பனை எப்படிப் போகிறது என்பது செய்தித்தாளிலேயே வந்துவிடும். ஆனால் வாடிக்கையாளர் நம் உறையை ஏற்பாரா என்பது, நம் வரிசை ஓடி, மாதிரி அனுப்பி, ஒப்புதல் வாங்கினால்தான் தெரியும். சந்தேகம் இந்த இரண்டாம் வகை என்றால் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் ஒன்றும் தெரிந்துவிடாது. முதல் கட்டம் மட்டுமே பதில் சொல்லும்.

காத்திருப்புக்கு உலகறிந்த உதாரணம், அமெரிக்காவின் அரிசோனாவில் இன்டெல் கட்டிய 42ஆம் எண் சிப் ஆலை. 2011இல் 500 கோடி டாலருக்கு மேல் என்று அறிவித்துத் தொடங்கினார்கள். கணினி விற்பனை மந்தமாக இருந்த 2014 ஜனவரியில், கட்டிய கட்டடத்தை இப்போதைக்குத் திறப்பதில்லை என்றார்கள். 2017இல் மேலும் 700 கோடி டாலர் போடுவதாக அறிவித்து, 2020இல் உற்பத்திக்கு வந்தது. சிப் ஆலையில் பெரும் பணம் இயந்திரங்களுக்குத்தான் போகும். கூடு தயாராக இருக்க, இயந்திரத்தை வாங்காமல் நிறுத்தி வைக்க முடிந்தது. பின்னர் வந்த இயந்திரங்களும் 2014இல் வாங்கியிருக்கக்கூடியதைவிடப் புதிய தலைமுறைக்கானவை.

கணக்கு கெடுவது எப்போது என்றால், உரிமை என்று எழுதியது நடைமுறையில் கடமையாக மாறும்போது. மானிய ஒப்பந்தத்தில் மொத்த முதலீட்டுக்குக் கெடு வைத்திருப்பார்கள். மனை ஒதுக்கீட்டு ஆணையில் இத்தனை காலத்துக்குள் கட்டாவிட்டால் நிலம் திரும்பப் போகும் என்று இருக்கும். அப்போது 'விட்டுவிடலாம்' என்பதற்கே ஒரு விலை வந்துவிடுகிறது, 14.7 கோடி அப்படியே நிற்காது. இன்னொன்று மனிதர்களின் பிடிவாதம். சந்தை மோசமான பிறகும், முதல் கட்டத்துக்கு இவ்வளவு போட்டாயிற்றே என்று இரண்டாம் கட்டத்தையும் கட்டுகிறார்கள். திட்ட அறிக்கையில் எந்தத் தேதியில், எந்த அளவு ஆர்டர் வராவிட்டால் நிறுத்துவோம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்த வரி இல்லையென்றால் அங்கே ஆப்ஷனும் இல்லை, நட்டக் கணக்கை லாபமாகக் காட்ட அந்தச் சொல்லை இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'விருப்பம்' என்றால் ஆசை என்றாகிவிடுகிறது, காசு கொடுத்து வாங்கிய உரிமை அதில் தெரியவில்லை. 'வாய்ப்பு' அதிர்ஷ்டத்தின் பக்கம் சாய்கிறது, மேலே கணக்கில் நாம் சொன்ன 45 சதவீத வாய்ப்போடும் குழம்பும். 'விருப்புரிமை' நல்ல சொல், ஆனால் அரசின் விருப்புரிமை ஒதுக்கீடு என்று, அதிகாரி தம் முடிவுப்படி தருவதற்கு அது ஏற்கெனவே பழகிவிட்டது. 'தெரிவு' என்பதில் தெரிந்தெடுத்தலும் இருக்கிறது, தெரிந்துகொள்ளுதலும் இருக்கிறது. குறளின் 'தெரிந்து செயல்வகை'யில் ஆராய்ந்து அறிதல் என்ற பொருளில் வருவதும் இதே வேர்தான். இலங்கைத் தமிழில் 'தெரிவு' இன்றும் அன்றாடச் சொல். தகவல் தெரிந்த பிறகு தெரிந்தெடுக்கும் உரிமை என்பதால் 'தெரிவுரிமை' பொருளோடு இழைகிறது.

'ரியல்' என்பதற்கு 'மெய்' போடலாம் என்பார்கள். மெய் என்றால் உடல் என்றும் பொருள் இருப்பதால் 'உண்மை'யைவிட நெருக்கம்தான். ஆனாலும் வாசகர் மனதில் முதலில் வருவது உண்மையே. எனக்கு 'முதலீட்டுத் தெரிவுரிமை' பிடித்திருக்கிறது. சொல்லுக்குச் சொல் ஈடு இல்லை, ஆனால் தாளில் உள்ள ஆப்ஷனிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையைச் செய்கிறது. காத்திருப்பதற்கான உரிமையைக் 'காத்திருப்புத் தெரிவுரிமை' என்றும், அதன் விலையைக் 'காத்திருப்பின் மதிப்பு' என்றும் சொல்லலாம். ஒசூர்க்காரரின் அறிக்கையில் அந்த வரி இப்படி வரும்: 'இரண்டாம் கட்டத் தெரிவுரிமை: கொடுக்கும் விலை 6.1 கோடி, மதிப்பு 14.7 கோடி, பயன்படுத்தினால் செலவு 75 கோடி, முடிவு செய்யும் நாள் முதல் கட்டம் ஓடத் தொடங்கிய ஓராண்டில்.'