தினமும் போகிறாள், ஆனாலும் வயிற்று வலி

மூன்றாம் வகுப்புப் படிக்கும் எட்டு வயதுப் பெண் குழந்தை. நான்கு மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் வயிற்று வலி. காலையில் ஸ்கூல் வேன் வரும் நேரத்துக்குத்தான் ஆரம்பிக்கும். தொப்புளைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு சுருண்டு படுப்பாள், அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறா" என்றார் அப்பா. பூச்சியாக இருக்கும் என்று பாட்டி சொல்ல, இரண்டு முறை பூச்சி மாத்திரையும் கொடுத்தாயிற்று. அம்மாவின் கையில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. வயிற்றுக்குள் நெறி கட்டியிருப்பதாக அதில் எழுதியிருந்ததைப் படித்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

முதலில் அந்த ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடலை ஒட்டிய சிறிய நெறிக்கட்டிகள் நன்றாக ஓடியாடும் குழந்தைகளின் ஸ்கேனிலும் தெரியும். சளி, காய்ச்சல், பேதி வந்துபோன பிறகு சில வாரம் கூடுதலாகத் தெரியும். குழந்தைக்கு எடை குறையவில்லை, காய்ச்சல் இல்லை, பசி நன்றாக இருக்கிறது என்றால், சிறிய நெறிக்கட்டியை மட்டும் வைத்து ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. இந்தக் குழந்தைக்கு அப்படி இரண்டு கோர்ஸ் ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள்.

"மோஷன் எப்படிம்மா போறா?" என்று கேட்டேன். "அதெல்லாம் தினமும் போறா டாக்டர், பிரச்சினையே இல்ல" என்றார் அம்மா. கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இதே பதில்தான். எட்டு வயதுக் குழந்தை தானாகப் போய்த் தானாகக் கழுவிக்கொண்டு வருகிறது. என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்று பார்த்தவர் யாரும் இல்லை. அதனால் கேள்வியைக் குழந்தையிடம் திருப்பினேன். "பாப்பா, ஆய் எப்படி இருக்கும்? வாழைப்பழம் மாதிரியா, உருண்டை உருண்டையாவா?" கொஞ்சம் வெட்கப்பட்டுவிட்டு, "ஆட்டுப் புழுக்கை மாதிரி" என்றாள். வலிக்குமா என்றதற்குத் தலையை ஆட்டினாள். ஜட்டியில் கறை படுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஆமா டாக்டர், ஒழுங்கா கழுவறதில்லன்னு தினமும் திட்டறேன்" என்றார்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது இடது பக்கம் கீழே கெட்டியாக, உருண்டையாகக் கைக்குத் தட்டுப்பட்டது. தேங்கிய மலம்தான். தினமும் நான்கு உருண்டை வெளியே வருகிறது, உள்ளே அதைவிட அதிகமாகச் சேர்கிறது. கெட்டியானதைச் சுற்றி வழியும் இளகிய மலம்தான் ஜட்டியில் படும் கறை. அது குழந்தைக்குத் தெரியாமலே கசிவது. திட்டினால் நிற்காது.

இது எங்கே தொடங்கியது என்று மெதுவாகப் பேசியதில் தெரிந்தது. ஸ்கூல் டாய்லெட்டில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருமுறை யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து காலை ஏழே காலுக்கு வேன் ஏறினால் மாலை நாலரைக்கு வீடு வரும்வரை அவள் போவதே இல்லை. ஒன்றுக்கு வந்துவிடுமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. காலையில் நிரப்பிய பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. அடக்க அடக்க, குடல் மலத்திலிருக்கும் நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கும். கெட்டியானது போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவாள். மாதக்கணக்கில் இப்படி நடந்தால் மலக்குடல் விரிந்து, வருகிறது என்ற உணர்வே மங்கிவிடும்.

காலை வலியும் நடிப்பில்லை. வயிற்றுக்குள் சாப்பாடு போனதும் பெருங்குடல் அசையத் தொடங்கும். இட்லியும் பாலும் இறங்கி இருபது நிமிடத்தில் குடல் தள்ளப் பார்க்கிறது, வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது. அந்த இழுபறிதான் வலி.

சாப்பாட்டில் ஒரு விஷயம் உடனே தெரிந்தது. காலை, மாலை, இரவு என்று பெரிய டம்ளரில் மூன்று முறை பால், நாளொன்றுக்கு 700 மில்லிக்கு மேல். வயிறு பாலிலேயே நிறைந்துவிடுவதால் காய்க்கும் பழத்துக்கும் இடமில்லை. டிபன் பாக்ஸில் லெமன் சாதம், சிப்ஸ். மாலையில் பிஸ்கட். பாலை 400 மில்லிக்குள் குறைக்கச் சொன்னேன். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் அரை கப் சுண்டல், தினமும் ஒரு கொய்யா, மதியம் கீரையோ அவரைக்காயோ ஒரு கரண்டி. இதற்குமேல் எதையும் மாற்றச் சொல்லவில்லை, நிறைய சொன்னால் எதுவும் நடக்காது.

ஆனால் உள்ளே அடைத்திருப்பதை எடுக்காமல் நார்ச்சத்தைக் கூட்டினால் வயிறு உப்பி வலி கூடும். முதலில் குடலைக் காலி செய்ய வேண்டும். தண்ணீரில் கலந்து குடிக்கும் மலமிளக்கிப் பவுடர் இருக்கிறது. குழந்தையின் எடையைப் பார்த்து டாக்டர் அளவு சொல்வார். முதல் சில நாள் அதிக அளவு, பலமுறை போகும் என்பதால் லீவு நாளில் ஆரம்பிப்பது நல்லது. பிறகு குறைந்த அளவில் இரண்டு மாதமாவது, பல நேரம் அதற்கு மேலும், தொடர வேண்டும். விரிந்த மலக்குடல் பழைய நிலைக்குச் சுருங்க அவ்வளவு நாளாகும். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் குடல் இந்த மருந்துக்குப் பழகிவிடாது. வீட்டில் விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பையோ சோப்புத் துண்டையோ ஆசனவாயில் வைக்காதீர்கள். ஏற்கெனவே பயந்திருக்கும் குழந்தை அதன் பிறகு டாய்லெட் பக்கமே வராது.

அரை மணி முன்னதாக எழுப்பி, சாப்பிட்டு முடித்ததும் ஐந்திலிருந்து பத்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கினால் முக்கவே முடியாது. முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரும்படி காலடியில் ஒரு முக்காலி போடுங்கள். போகாவிட்டாலும் திட்ட வேண்டாம், கையில் போன் வேண்டாம். ஒரு பழைய நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போனது, உருண்டையா மிருதுவா, வலி எப்போது வந்தது, பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் மிச்சம். எந்த ஸ்கேனையும்விட அந்த நோட்டு எனக்கு அதிகம் சொல்லும்.

எல்லா வயிற்று வலியும் இது அல்ல. தொப்புளில் தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கி, நேரம் ஆக ஆகக் கூடி, குழந்தை ஒரு துள்ளல்கூடத் துள்ள முடியாமல் குனிந்து நடந்தால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். மலமிளக்கி எதுவும் கொடுக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பச்சை நிற வாந்தி, கல் போல இறுகிய வயிறு, கருப்பாகவோ ரத்தமாகவோ மலம் போவது ஆகியவையும் அப்படித்தான். ஆண் பிள்ளை அடிவயிறு வலிக்கிறது என்றால் விதைப்பையில் வலியோ வீக்கமோ இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், வெட்கத்தில் சொல்ல மாட்டான். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். வயிற்று வலி, வாந்தியோடு அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் அன்றே ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும்.

எடை குறைவது, சட்டை அளவு ஒரு வருடமாக மாறாதது, தூக்கத்தைக் கலைக்கும் வலி, தொப்புளை விட்டுத் தள்ளி ஒரே இடத்தில் வரும் வலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், அடிக்கடி வாய்ப்புண், மூட்டு வலி, வாரக்கணக்கில் பேதி, சிறுநீர் போகும்போது எரிச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் மலச்சிக்கல் என்று நீங்களே முடிவு கட்டாமல் அந்த வாரத்துக்குள் காட்டுங்கள்.

இந்தக் குழந்தைக்கு மூன்றாவது வாரம் வலி நின்றது. நன்றாகிவிட்டதே என்று அம்மா பவுடரை நிறுத்தினார். பத்தே நாளில் பழையபடி உருண்டையும் வலியும் வந்தன. மறுபடி ஆரம்பித்து, ஐந்து மாதத்தில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினோம். நடுவில் அம்மா கிளாஸ் டீச்சரைப் பார்த்துப் பேசினார். பதினொரு மணி இடைவேளையில் ஒரு தோழியைக் கூட அழைத்துப்போக டீச்சர் அனுமதித்தார். தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவை அவள் தோழி வெளியே நின்று பிடித்துக்கொள்கிறாள்.