பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் நீர் மாத்திரை

கால் வீக்கத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் ஃப்ரூசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரைகள் உப்பையும் நீரையும் வெளியேற்றும்போது பொட்டாசியத்தையும் கொண்டுபோய்விடும். அதை ஈடுகட்டத்தான் அமிலோரைடு அல்லது டிரையாம்டெரின் சேர்க்கப்படுகிறது. பெரும்பாலும் நீர் மாத்திரையும் இந்தத் துணை மருந்தும் ஒரே மாத்திரையாகவே வரும்.

இழப்பு நடக்கும் இடம் சிறுநீரக நுண்குழாயின் கடைசிப் பகுதி. அங்கே குழாய்ச் சுவரில் சோடியம் மட்டும் நுழையக்கூடிய சிறு வாயில்கள் உள்ளன. நேர்மின்னூட்டம் கொண்ட சோடியம் அவற்றின் வழியே உடலுக்குத் திரும்பும்போது, சிறுநீர்ப் பக்கம் எதிர்மின்தன்மை கூடுகிறது. அந்த இழுப்பில் பொட்டாசியம் வேறு வழியாகச் சிறுநீருக்குள் இறங்கிவிடும். முதல் மாத்திரை கூடுதல் சோடியத்தை இங்கே அனுப்புவதால் இழப்பும் கூடுகிறது. அமிலோரைடும் டிரையாம்டெரினும் இந்த வாயிலை அடைத்துவிடுகின்றன. சோடியம் நுழையாததால் இழுப்பு குறைகிறது, பொட்டாசியம் உடலில் தங்குகிறது.

சிறுநீரகம் வடிகட்டிய சோடியத்தில் மிகச் சிறு பங்குதான் இந்தக் கடைசிப் பகுதிவரை வந்து சேரும். அதனால் இவை தனியாக அதிக நீரை வெளியேற்றா. துணை மருந்தாகவே பயன்படுகின்றன. லிடில் நோய்க்குறி மட்டும் விலக்கு. அந்த அரிய பரம்பரை நோயில் வாயில்கள் மூடாமல் கிடந்து ரத்த அழுத்தம் ஏறும். அங்கே இவைதான் முதன்மை மருந்து.

பொட்டாசியம் பொதுவாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். ஃப்ரூசமைடு 40 மி.கி., அமிலோரைடு 5 மி.கி., ரத்த அழுத்த மருந்தான எனலாபிரில் மூன்றையும் எடுக்கும் 70 வயது அம்மா ஒருவரை எண்ணிப் பாருங்கள். அளவு 4.6, நிம்மதி. கோடையில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, உடம்பில் நீர் வற்றுகிறது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறார். தெம்புக்கு இளநீர் குடிக்கிறார், அதில் பொட்டாசியம் நிறைய. நீர் வற்றியதும் வலி மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்தின் வேகத்தைக் குறைக்கின்றன. எனலாபிரில் ஏற்கெனவே ஒரு வழியை அடைத்திருக்கிறது, அமிலோரைடு இன்னொன்றை. வெளியேற வழியில்லாமல் பொட்டாசியம் 6.4-க்கு ஏறலாம். லேசான சோர்வைத் தவிர அவருக்கு எதுவும் தெரியாமல் இருக்கலாம், ஆனால் இதயத்துடிப்பு தடுமாறக்கூடும். இசிஜியில் டி அலை கூர்மையாக உயரலாம்; இசிஜி இயல்பாக இருந்தாலும் ஆபத்து இல்லையென்று சொல்ல முடியாது.

எனக்கு அதிகம் கவலை தருவது கோட்ரைமாக்சசோல். சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் இந்த ஆன்டிபயாட்டிக்கில் உள்ள டிரைமெத்தோபிரிம் அமிலோரைடு அடைக்கும் அதே வாயிலையே அடைக்கிறது. புது மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவரிடம் பழைய மாத்திரை அட்டையைக் காட்டிவிடுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதிலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், அதையும் சொல்லுங்கள்.

மாத்திரை தொடங்கும் முன்பே பொட்டாசியத்தையும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் பார்ப்பார்கள். பிறகு ஓரிரு வாரத்தில், அளவு மாறும்போதெல்லாம், அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை. வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் தவணைக்குக் காத்திருக்காமல் மருத்துவரைக் கேளுங்கள். ரத்தம் எடுக்கையில் கையை இறுக்கி இறுக்கி மூடினாலோ, குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தாலோ அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அப்போதும் அலட்சியமாக விடாமல் அன்றே மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.