அட்டாக்சியா: போதை தெளிந்தும் தெளியாத தள்ளாட்டம்

மருத்துவக் குறிப்புச் சீட்டில் 'அட்டாக்சியா' என்று எழுதியிருந்தால் அது கிரேக்கச் சொல். 'டாக்ஸிஸ்' என்றால் ஒழுங்கு. படைவீரர்கள் அணிவகுத்து நிற்பதற்கும் அதே சொல்தான். முன்னால் வரும் 'அ' இன்மையைக் குறிக்கும். நம் மொழியில் 'அணிகுலைவு' என்றால் பொருள் அப்படியே பொருந்திவிடும். வீரர்கள் எல்லாரும் இருக்கிறார்கள், வரிசைதான் கலைந்துவிட்டது. தசைகளுக்கும் இதே கதிதான். பலம் குறையவில்லை, எது எப்போது எவ்வளவு இழுக்க வேண்டும் என்ற கணக்குத் தப்பிவிட்டது.

அந்தக் கணக்கைப் பார்ப்பது சிறுமூளை. பல ஆண்டுகள் மிகுதியாகக் குடிப்பவர்களுக்கு அதன் நடுப்பகுதியில், மேற்புறம் முன்பக்கமாக உள்ள திசுதான் முதலில் சுருங்குகிறது. அங்குள்ள புர்கின்ஜி எனும் நரம்புச் செல்கள் அழிகின்றன. மதுவின் நச்சும், சரியாகச் சாப்பிடாததால் வரும் தயமின் (வைட்டமின் பி1) பற்றாக்குறையும் காரணங்கள். அந்த இடம் கால்களையும் உடம்பின் நடுப்பகுதியையும் கவனிப்பது என்பதால், கைகள் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஐம்பது வயதுக் கொத்தனார் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். குடியை விட்டுப் பத்து நாளாகிறது. உட்கார்ந்தபடி தேநீர்க் குவளையைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகிறார். எழுந்தால் கால்களை அகட்டி வைத்தே நிற்கிறார். குதிகாலோடு விரல்நுனி ஒட்ட நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் இரண்டாவது அடியிலேயே சுவரைத் தேடுகிறார். படுத்தபடி ஒரு குதிகாலை மறுகாலின் முழங்காலில் வைத்துக் கீழே இழுக்கச் சொன்னால், அது இப்படியும் அப்படியுமாக வழுக்கி விழுகிறது.

தெரு இதையும் 'தள்ளாட்டம்' என்றுதான் சொல்லும். அங்கேதான் வம்பு. "காலையிலேயே போட்டுவிட்டான்" என்று தீர்ப்பாகிவிடும். ஆகவே வீட்டாரிடம் அட்டாக்சியாவைத் தமிழில் சொல்ல வெறும் தள்ளாட்டம் போதாது, 'சிறுமூளைத் தள்ளாட்டம்' என்பதே என் தேர்வு. கலைச்சொல்லாக வழங்கும் 'ஒத்திசைவின்மை' தவறில்லை. ஆனால் வீட்டாருக்குச் சொன்னால் சங்கீதக் குறை என்று நினைப்பார்கள்.

சரியாகுமா? குடியை முழுதாக நிறுத்தி, தயமினும் நல்ல சாப்பாடும் சேர்ந்தால், நடை சில மாதங்களில் ஓரளவு சீராகும். சமநிலைப் பயிற்சியும் உதவும். அழிந்த செல்கள் திரும்பி வருவதில்லை. எஞ்சியவை வேலையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். நீண்ட காலம் தினமும் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால், மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும்.

தள்ளாட்டம் ஓரிரு நாளில் திடீரென்று வந்து, கூடவே குழப்பமும் கண் அசைவில் கோளாறும் இருந்தால் அது தயமின் பற்றாக்குறையால் மூளையைத் தாக்கும் வெர்னிக்கி நோயாக இருக்கலாம். அப்போது தயமினை ஊசி வழியாக உடனே ஏற்ற வேண்டும், காத்திருக்கக் கூடாது.

நம் கொத்தனார் ஆறு மாதம் கழித்துத் தெருவில் கைத்தடியில்லாமல் நடக்கலாம். சாரத்தில் ஏறுவது வேறு விஷயம்.