பழைய பழக்கத்துக்குள் ஒளியும் புதிய துயரம்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “அறிவுசார் குறைபாடுள்ள என் மகனுக்கு 13 வயது. அப்பாயி இறந்ததிலிருந்து ஓயாமல் கையைக் கடித்துக்கொள்கிறான். இந்தப் பிள்ளைகள் இப்படித்தான் என்கிறார் மருத்துவர். உண்மையா?”

உண்மையில்லை. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரெய்ஸும் அவருடைய குழுவினரும் 1982இல் உளவியலாளர்களிடம் கடும் அச்சத்தால் தவிக்கும் ஒருவரின் விவரத்தைக் கொடுத்தார்கள். அவருக்கு அறிவுசார் குறைபாடும் உண்டு என்று சேர்த்துச் சொன்னபோது, அதே அச்சத்தை நோயாகக் கருதும் போக்கு குறைந்தது. குறைபாட்டின் நிழல் மற்றதை மறைத்துவிட்டது. ஆனால் பிரிட்டனில் 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளில் 36 சதவீதத்தினருக்கு மனநலக் கோளாறு இருந்தது. மற்றக் குழந்தைகளில் அது 8 சதவீதம்தான்.

நிழல் விழும் வழிகளில் ஒன்றை அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் சாவ்னர் 1986இல் விளக்கினார். மனநோய் வரும்போது, முன்பே இருந்த நடத்தை தீவிரமாகிறது. “மனம் கனக்கிறது” என்று சொல்ல இந்தச் சிறுவனிடம் சொற்கள் இல்லை. புதுவெள்ளமும் முன்பே வெட்டிய வாய்க்காலில்தானே பாய்கிறது? பாட்டி இருந்தபோது, கோபம் வந்தால் வாரத்தில் ஓரிரு முறை கடிப்பான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது தினமும் பத்து முறை கடிக்கிறான். முதன்முறை பார்க்கும் மருத்துவருக்குத் தெரிவது பழைய பழக்கம் மட்டுமே. நோயின் தடயமோ, வாரத்துக்கு இரண்டு என்பது தினமும் பத்தாக ஏறியதில் இருக்கிறது. அந்தக் கணக்கு வீட்டாரிடமும் சிறப்புப் பள்ளி ஆசிரியையிடமும்தான் உண்டு.

ஆகவே அம்மா, பாட்டி இறப்பதற்கு முன்பும் பின்பும் அவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு விழித்துக்கொள்கிறான்? எடை குறைந்ததா? உழவு டிராக்டர் வந்தால் வாசலுக்கு ஓடியவன் இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையா? ஆர்வம் வற்றிப்போவது மனச்சோர்வின் முக்கிய அடையாளம். அதைக் காண அவன் பேச வேண்டியதில்லை. நீங்கள் கண்ணுக்கு மறைந்தாலே அலறுகிறான் என்றால் பதற்றத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மனநோய் என்று முடிவுசெய்யும் முன் மருத்துவரிடம் பல் சொத்தை, காதுவலி, மலச்சிக்கல் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வலியும் இதே வாய்க்காலில்தான் வரும். வலிப்பு மருந்தை அண்மையில் மாற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள்; சில மருந்துகள் எரிச்சலைக் கூட்டும்.

காற்று கருப்பு என்று தாயத்துக் கட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. காரணம் தேடாமல் அடங்கிக் கிடக்க மாத்திரை எழுதுவதும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல: கடி நிற்கலாம், துயரம் அப்படியே இருக்கும்.

சொல்லத் தெரியாத குழந்தையிடம் மனச்சோர்வைக் கண்டறிவது ஓரளவு ஊகம்தான். அதனால் சிகிச்சை தொடங்கிச் சில வாரங்கள் கழித்து, அதே தாளில் அதே கேள்விகளுக்கு மீண்டும் விடை எழுதி மனநல மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். கடி குறைந்தும் டிராக்டரை அவன் இன்னும் பார்க்கவில்லை என்றால், அதை முதல் வரியில் எழுதுங்கள்.