பக்தி சேனல் வீடியோல உங்க குழந்தை இருக்கா? எடுக்க வைக்கிறது இப்படித்தான்

சொந்தக்காரங்க பக்தி சேனல் நடத்துறாங்க, பாட்டு பாடுற கூட்டத்துல உங்க பொண்ணும் உட்கார்ந்திருக்கா, கேமரா அவ முகத்துக்குக் கிட்ட போகுது, டைட்டில்ல முழுப்பேரும் வயசும் இருக்கு. எடுங்கன்னு கேட்டா "சாமி பாட்டுதானே, இதுல என்ன தப்பு"ன்னு பதில் வரும். கேட்டும் எடுக்கலைன்னா யூடியூப்லயே பிரைவசி கம்ப்ளைன்ட் போடலாம், ஆனா அங்கதான் பலரும் சிக்குறாங்க.

முதல்ல, வீடியோவுக்குக் கீழ இருக்குற Report பட்டன் வேற, இது வேற. Report அடிச்சா அசிங்கமோ வன்முறையோ இருக்கான்னு பார்ப்பாங்க, பக்திப் பாட்டுல அதெல்லாம் எங்க இருக்கு, அப்படியே விட்டுடுவாங்க. யூடியூப் உதவிப் பக்கத்துல privacy complaint னு தேடி அந்த வழியா போங்க. சம்பந்தப்பட்டவங்களே போடணும்ங்கறது ரூல், குழந்தைக்குப் பதிலா பெத்தவங்க இல்ல சட்டப்படியான கார்டியன் போடலாம். பாசத்துல பாட்டியோ சித்தியோ போட்டா ரிஜெக்ட் ஆக வாய்ப்பு அதிகம், அதனால அம்மாவோ அப்பாவோ போடுங்க.

"என் குழந்தை இருக்கா"ன்னு மொட்டையா எழுதாதீங்க. கூட்டத்துல யாருன்னு அடையாளம் தெரியலைன்னா எடுக்க மாட்டாங்க, அதனால லிங்க், எந்த நிமிஷம் எந்த செகண்ட், என்ன கலர் டிரஸ், பேர் எங்க வருது எல்லாம் எழுதுங்க. உங்க பேரை உங்களைக் கேட்காம சேனல்காரருக்குச் சொல்ல மாட்டாங்கதான், ஆனா சொந்தத்துக்குள்ள யாருன்னு ஊகிக்கிறது கஷ்டமா என்ன.

அப்புறம் சேனல்காரருக்கு அதை சரிசெய்ய யூடியூப் 48 மணி நேரம் தரலாம். அவர் வீடியோவை பிரைவேட்ல போட்டுட்டு "முடிஞ்சுது"ம்பார், நம்பாதீங்க, எப்ப வேணா திரும்ப பப்ளிக் பண்ணிடலாம்ங்கறதால யூடியூப்பே அதை சரிசெஞ்சதா எடுத்துக்கறதில்ல. அதே மாதிரி "Made for kids போட்டுட்டோமே"ன்னு சொல்வாங்க. அது யார் பார்க்கறதுக்கான வீடியோங்கற செட்டிங், கமென்ட் நிக்கும், குறிவச்சு வர்ற விளம்பரம் நிக்கும், குழந்தை முகம் அப்படியேதான் இருக்கும்.

வீடியோவையே தூக்க மனசு இல்லைன்னா அவருக்கு ஒரு வழி இருக்கு, YouTube Studio ல வீடியோவைத் திறந்து Editor, அதுல Blur, Face blur. உங்க பொண்ணு முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மறைச்சு சேவ் பண்ணா போதும், பாட்டுக்கு ஒண்ணும் ஆகாது, பிராசஸ் ஆக மட்டும் நேரம் எடுக்கும். ஆனா தம்ப்நெயில் தனி, அதுல அவ முகம் அப்படியே சிரிச்சிட்டிருக்கும், அதை மாத்தச் சொல்லுங்க. டைட்டில்லயும் டிஸ்கிரிப்ஷன்லயும் பேரை எடுக்கச் சொல்லுங்க. நடுவுல யாராவது பேரும் ஸ்கூலும் சொல்லி அறிமுகம் பண்ணியிருந்தா பிளர் அதை மறைக்காது, அந்தத் துண்டை வெட்டணும். எல்லாம் ஆனதும் முழுசா ஓட்டிப் பாருங்க, குழந்தை திரும்புற இடத்துல பிளர் நழுவியிருக்கும்.

இதுக்குள்ள வேற எவனாவது அந்த வீடியோவை டவுன்லோட் பண்ணி அவன் சேனல்ல போட்டிருந்தா, இங்க எடுத்தா அங்க போகாது. பழைய டைட்டிலை அப்படியே போட்டுத் தேடி, கிடைக்கிற காப்பி மேலயும் கம்ப்ளைன்ட் போடுங்க.